எத்தனை வருஷம் ஆகும்? கம்பம் பள்ளத்தாக்கின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

நான் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது என் பிழைப்பு. நீங்கள் பாடம் நடத்திய பிள்ளைகள் வளர்ந்து, வாழை வெட்டி, திராட்சை பறித்து, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போய்ச் சம்பாதித்த பணத்தை என்னிடம் கொடுக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் நிற்பதால் எனக்கு உங்கள் மேல் ஒரு மனக்குறை உண்டு. அதைத் தலைமையாசிரியர் வழியாகவோ யாரிடமாவது சொல்லியனுப்பியோ தெரிவிப்பதைவிட நேராக எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் என்று கூட்டு வட்டி நடத்துகிறீர்கள். அசல் இவ்வளவு, வட்டி வீதம் இவ்வளவு, மூன்று ஆண்டு கழித்துத் தொகை எவ்வளவு என்று கேட்கிறீர்கள். பிள்ளைகளும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் திண்ணையில் என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "இந்த ரெண்டு லட்சம் எப்பக்கா அஞ்சு லட்சம் ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தொகை தெரியும், அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பணத்தையே எடுத்து வருகிறார்கள். மகளின் நர்சிங் படிப்பு, மகனுக்கு ஒரு டிராக்டர், பேரப்பிள்ளை காதுகுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. தெரியாதது காலம் ஒன்றுதான். அந்தக் காலம், உங்கள் சூத்திரத்தில் தலைக்கு மேலே அடுக்காக ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்குவதற்கு மடக்கை வேண்டும். மடக்கையோ பதினொன்றாம் வகுப்பில், கூட்டு வட்டியிலிருந்து மூன்று ஆண்டு தள்ளி, வேறொரு பாடத்தில், பணத்தின் வாடையே படாமல் வருகிறது. பெருக்கலைக் கூட்டலாக்கும் விதி, அடிமாற்ற விதி, நிரூபி, சுருக்கு. இந்த இரண்டு பாடங்களும் சந்திக்காமலே பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்காதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சந்திக்க வைப்பதற்கு நீங்கள் புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் ஒரு கணக்கு ஏற்கெனவே பீரோவுக்குள் இருக்கிறது. கிசான் விகாஸ் பத்திரம், நாங்கள் கே.வி.பி. என்போம். போட்ட பணம் இரட்டிப்பாகும் என்பது மட்டுமே அதன் வாக்குறுதி. 2023 ஏப்ரல் முதல் அதற்கு ஆண்டுக்கு 7.5 சதவீதம், ஆண்டுக்கொருமுறை கூட்டு வட்டி, 115 மாதத்தில் இரட்டிப்பு. இந்த 115 எங்கிருந்து வந்தது என்று எந்தக் கிளை அஞ்சலகத்திலும் எழுதி ஒட்டியிருக்காது. உங்கள் கரும்பலகையில் எழுதலாம்:

```
A = P(1 + r)^n
n = log(A/P) / log(1 + r)
n = log 2 / log 1.075
  = 0.30103 / 0.031408
  = 9.584 ஆண்டு
9.584 × 12 = 115.01 மாதம்
```

அரசாணையில் உள்ள எண்ணும் பதினொன்றாம் வகுப்புக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 01-ஐயும் விட்டுவிடாதீர்கள். சரியாக 115 மாதத்தில் கணக்குப்படி பணம் 1.99985 மடங்குதான் ஆகியிருக்கும். லட்சம் போட்டவருக்கு இரண்டு லட்சத்துக்குப் பதினைந்து ரூபாய் குறையும். ஆனால் அஞ்சலகம் முழுசாக இரண்டு லட்சம் தரும். மாதக் கணக்கில் முழு எண்ணாக்கும்போது இப்படி ஒரு சின்ன இடைவெளி விழும், அது எப்போதும் நமக்குச் சாதகமாகவே விழும் என்றும் இல்லை. 2020 ஏப்ரலில் 6.9 சதவீதத்துக்கு 124 மாதம் அறிவித்தார்கள். மடக்கை போட்டால் 124.7 வருகிறது. 2022 அக்டோபரில் 7 சதவீதத்துக்கு 123 மாதம். மடக்கை 122.9 என்கிறது. யாருக்கு எவ்வளவு லாபம் என்று ஒரு வகுப்பே வாதாடலாம்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னொரு எண் மனதில் பதிந்திருக்கிறது. 1988-இல் இந்தப் பத்திரம் வந்தபோது ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு. "அஞ்சரை வருசத்துல டபுளாகுமே, இப்ப என்னம்மா பத்து வருசத்துக்கு இழுக்குற?" என்று என்னிடம் கோபித்துக்கொண்ட தாத்தாக்கள் உண்டு. நான் ஏதோ நடுவில் எடுத்துக்கொள்வதாக நினைப்பு. அவர்களுக்கும் பதில் இதே சூத்திரத்துக்குள் இருக்கிறது. இந்த முறை காலம் தெரியும், வட்டி தெரியாது. log 2-ஐ 5.5-ஆல் வகுத்து, எதிர்மடக்கை எடுத்தால் 1.134. அதாவது அன்றைய வட்டி ஏறத்தாழ 13.4 சதவீதம். அந்தக் காலம் போய்விட்டது, அவ்வளவுதான். 2011 கடைசியில் நிறுத்திவிட்டு 2014 நவம்பரில் மறுபடி தொடங்கியபோது 100 மாதம் என்றார்கள், அது 8.7 சதவீதம். யாராவது வேட்டி கசங்காமல் காரில் வந்து இறங்கி, கூட்டம் போட்டு "மூணு வருசத்துல ரெட்டிப்பு" என்று சொன்னாலும் இதே வகுத்தல் போதும். ஆண்டுக்கு 26 சதவீதம் வருகிறது. அஞ்சலகம் 7.5 தரும்போது 26 எங்கிருந்து வரும் என்று ஒரு பிளஸ் ஒன் மாணவி எழுந்து கேட்டால், அந்தக் கூட்டம் அதோடு கலைந்துவிடும்.

இப்போது அந்த ரெண்டு லட்சக் கேள்விக்கு வருகிறேன். வாழை வெட்டிய கையோடு வந்த ஒருவரின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 2,00,000. மகள் ஆறாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். படிப்புக்கு 5,00,000 தேவைப்படும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். 7.5 சதவீதம், ஆண்டுக் கூட்டு வட்டி, வட்டியை எடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்டு வருகிறார் என்று கொள்வோம். 5,00,000-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் 2.5. அதன் மடக்கை 0.39794. அதை 0.031408-ஆல் வகுத்தால் 12.67 ஆண்டு.

இந்த இடத்தில் பல மாணவர்கள் 12.67 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டு முடித்துவிடுவார்கள். நீங்களும் முழு மதிப்பெண் போடுவீர்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். ஆண்டுக்கொருமுறை வட்டி சேரும் கணக்கில் 12.67 என்றொரு நாளே கிடையாது. பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் 4,76,356 இருக்கும். பதின்மூன்றாம் ஆண்டு முடிவில் 5,12,083 இருக்கும். ஐந்து லட்சம் என்ற எண்ணைப் பாஸ்புக் ஒருநாளும் காட்டாது, தாண்டிக் குதித்துவிடும். ஆகவே விடை 13. அதே 7.5 சதவீதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை சேர்ப்பதாக இருந்தால், வட்டி ஒரு காலாண்டுக்கு 1.875 சதவீதம். மடக்கை போட்டால் 49.3 காலாண்டு, அதாவது ஐம்பதாவது காலாண்டின் முடிவு, பன்னிரண்டரை ஆண்டு. வட்டி வீதம் மாறவில்லை, சேர்க்கும் தவணை மாறியதிலேயே அரை ஆண்டு முன்னால் வந்துவிட்டது. வங்கியில் வைப்புத்தொகை போடும்போது வீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

விடை 13 என்று வந்தது. மகள் பிளஸ் டூ முடிக்க இன்னும் ஆறேழு ஆண்டு. இங்கேதான் கணக்கு வீட்டுக்குள் நுழைகிறது. ஏழு ஆண்டில் இந்த ரெண்டு லட்சம் 3,31,810 ஆகும், அதற்கு மேல் ஒரு ரூபாய் ஆகாது. ஏழு ஆண்டில் ஐந்து லட்சம் வேண்டுமென்றால் இன்றே 3,01,377 போட வேண்டும், அல்லது ஆண்டுக்குப் பதினான்கு சதவீதம் தரும் இடம் வேண்டும். இரண்டாவதைத் தேடி ஓடியவர்கள் என்ன ஆனார்கள் என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்றே லட்சம் குறைகிறது என்று தெரிந்தால் அடுத்த வாழை வெட்டிலாவது ஒரு பகுதியை ஒதுக்கலாம். பதின்மூன்று ஆண்டு என்பது ஏழாம் ஆண்டில் தெரிந்து என்ன பயன்?

வகுத்தலின் கீழே இருக்கும் அந்தச் சின்ன எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. log 1.075 என்பது 0.031408. பிள்ளைகள் சோம்பலில் அதை 0.03 என்று எழுதுகிறார்கள். மேலே இருக்கும் எண்ணில் அப்படிச் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கீழே செய்தால் 12.67 போய் 13.26 வந்து நிற்கும், விடை 13-லிருந்து 14 ஆகிவிடும். பழைய மடக்கை அட்டவணையின் நான்கு இலக்கமே போதும், 0.0314 என்று போட்டால் 12.67 வந்துவிடுகிறது. இரண்டு இலக்கத்தோடு நிறுத்துவதுதான் கெடுக்கிறது. இன்னொன்று, log(5/2) என்பதை log 5 / log 2 என்று போட்டுவிட்டு, 2.32 ஆண்டு என்று அங்கேயே முடித்துவிடுவார்கள். 1.075-க்குப் பதில் 0.075-க்கு மடக்கை எடுத்து விடையில் கழித்தல் குறி வந்தும் கண்டுகொள்ள மாட்டார்கள். மாத வட்டியைப் போட்டு ஆண்டு என்று எழுதுவார்கள். இவை எல்லாவற்றையும் பிடிக்க ஒரே வழி, வந்த விடையைத் திரும்ப 1.075-க்கு அடுக்காக ஏற்றி 2.5 வருகிறதா என்று பார்ப்பது. அதற்கு முன் மனக்கணக்காக 72-ஐ வட்டியால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6. இரட்டிப்புக்கே ஒன்பதரை ஆண்டு என்றால் இரண்டரை மடங்குக்கு 2.32 ஆண்டு எப்படி வரும்? இந்த 72 விதியை இத்தாலியின் லூகா பாச்சோலி 1494-லேயே தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614-இல். வியாபாரிகள் விடையைக் கையில் வைத்துக்கொண்டு நூற்றிருபது வருஷம் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

இதுவரை சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. இனி நான் சொல்லப்போவதைத்தான் வகுப்பில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அந்த ஐந்து லட்சம் அசையாமல் நிற்கும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். கட்டணம் அப்படி நிற்பதில்லை, ஆண்டுக்காண்டு ஏறுகிறது. அது ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், பணம் எட்ட வேண்டிய குறி ஒவ்வொரு ஆண்டும் தள்ளிப் போகிறது. சூத்திரத்தில் மாற்றம் மிகச் சின்னது. கீழே log 1.075 இருந்த இடத்தில் log 1.075 − log 1.05 வரும்:

```
n = log 2.5 / (log 1.075 − log 1.05)
  = 0.39794 / (0.031408 − 0.021189)
  = 38.9 ஆண்டு
```

பதின்மூன்று ஆண்டு என்று சொன்னது முப்பத்தொன்பது ஆகிவிட்டது. மகள் படிப்பதற்குப் போட்ட பணம், மகளின் மகள் கல்லூரிக்குப் போகிற காலத்தில் வந்து சேரும். கட்டணம் 8 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே இருக்கும் எண் கழித்தல் ஆகிவிடும். விடை கழித்தல் 197 ஆண்டு என்று வரும். பெரும்பாலான மாணவர்கள் "தப்பாப் போட்டுட்டோம்" என்று அழித்துவிடுவார்கள். அழிக்க விடாதீர்கள். பணம் ஓடும் வேகத்தைவிடக் குறி ஓடும் வேகம் அதிகம், இரண்டும் இனி ஒருநாளும் சேராது என்பதைத்தான் அந்தக் கழித்தல் குறி சொல்கிறது. நூற்றுத்தொண்ணூற்றேழு ஆண்டுக்கு முன்னால் வேண்டுமானால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். பள்ளிக் கணிதத்தில் கழித்தல் விடைக்கு இவ்வளவு தெளிவான பொருள் கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என்னால் திண்ணையில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பக்கம், அதனால் உங்களிடம் சொல்கிறேன். நம் ஊரில் வட்டியை யாரும் ஆண்டுச் சதவீதத்தில் பேசுவதில்லை. ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் மூணு வட்டி. மாதாமாதம் வட்டியைக் கட்டி வந்தால் அது தனிவட்டிதான், அசல் அப்படியே இருக்கும். திராட்சையில் மழை விழுந்து குலை அழுகிப்போன வருஷம் கட்ட முடியாமல் நின்றுவிட்டால், கொடுத்தவர் வருவார். நிலுவை வட்டியை அசலோடு சேர்த்துப் புதுசாக ஒரு புரோநோட்டு எழுதச் சொல்வார். பழைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இவரும் கையெழுத்துப் போடுவார், கடன் தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதியோடு. அந்தக் கையெழுத்தில்தான் தனிவட்டி கூட்டு வட்டியாகிறது. எட்டாம் வகுப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று நீங்கள் கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி, இந்தப் பள்ளத்தாக்கில் நடக்கும் இடம் அந்த நோட்டு மாற்றும் திண்ணை.

மாதத்துக்கு ஒருமுறை சேர்ப்பதாக வைத்துக்கொண்டு அதே சூத்திரத்தைப் போடுங்கள். log 2-ஐ log 1.03-ஆல் வகுத்தால் 23.4 மாதம். மூணு வட்டிக் கடன் இரண்டு வருஷத்துக்குள் இரட்டிப்பு. அஞ்சு வட்டி பதினான்கு மாதம் சொச்சம். பத்து வட்டியானால் ஏழு மாதம் சொச்சம். நோட்டை ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒருமுறை மாற்றினால் இவ்வளவு வேகம் இருக்காது, மூணு வட்டியில் வருஷத்துக்கொருமுறை மாற்றினால் இரட்டிப்புக்கு 27 மாதம் போல ஆகும். அதுவும் கே.வி.பி.யின் 115 மாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண்தான்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் விஷயம். பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. பீரோவில் ஐம்பதாயிரத்துக்குக் கே.வி.பி. பாஸ்புக், கோயில் தெருவில் ஐம்பதாயிரத்துக்கு மூணு வட்டி நோட்டு. "பிள்ளைக்குன்னு போட்டதுல கை வைக்கக் கூடாது" என்று ஒரு வைராக்கியம். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன், கணக்கு மதிக்காது. 115 மாதத்தில் பத்திரத்தின் ஐம்பதாயிரம் ஒரு லட்சம் ஆகும். கட்டாமல் மாதாமாதம் ஏற்றப்படும் மூணு வட்டிக் கடன் அதே 115 மாதத்தில் முப்பது மடங்கு ஆகும், கிட்டத்தட்ட பதினைந்து லட்சம். அவ்வளவு காலம் எந்தக் கடன்காரரும் விட்டு வைக்க மாட்டார், அதற்குள் தோப்பு கைமாறிவிடும் என்பது வேறு விஷயம். கே.வி.பி.யை இரண்டரை ஆண்டு முடிந்தபின் முன்கூட்டியே முடித்துப் பணம் எடுக்கலாம். அதற்குள்ளும் வங்கியில் ஈடாக வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் கேட்கலாம். கந்து வட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லி வருகின்றன. ஆனால் சட்டத்தைத் தேடிப் போகும் முன், நோட்டு மாற்றும் அன்று மாலை அந்த வீட்டுப் பிளஸ் ஒன் பிள்ளை கைபேசிக் கால்குலேட்டரில் இரண்டு மடக்கையை எடுத்து வகுத்து "இது இருபத்திமூணு மாசம்ப்பா" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். முகவர் நான் சொன்னால், கமிஷனுக்காகச் சொல்கிறேன் என்பார்கள். பெற்ற பிள்ளை சொன்னால் அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு எல்லையையும் ஒப்புக்கொண்டு சொல்லிவிட வேண்டும். இந்தச் சூத்திரம் மொத்தமாகப் போடுகிறவர்களுக்கானது. வாழையும் திராட்சையும் நெல்லும் மொத்தப் பணம் தரும் பயிர்கள், அதனால் விவசாயிக்கு இது பொருந்துகிறது. ஏலத்தோட்டத்துக்குப் போய் வாரக்கூலி வாங்குகிறவர்கள் மாதாமாதம்தான் போட முடியும். அவர்களுக்கு உங்கள் வணிகக் கணிதப் புத்தகத்தில் வரும் தவணைப் பங்கீட்டுச் சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும்:

```
n = log(1 + A·i/p) / log(1 + i)
```

இதில் p மாதத் தவணை, i மாத வட்டி, A குறித்த தொகை. மாதம் 2,000 ரூபாய், மாத வட்டி 0.6 சதவீதம், குறி மூன்று லட்சம் என்றால் அடைப்புக்குள் 1.9 வரும். விடை 107.3 மாதம், ஆக 108-ஆவது தவணையில், ஒன்பது ஆண்டில் கைக்கு வரும். வட்டியே இல்லாமல் உண்டியலில் போட்டால் 150 மாதம். வித்தியாசம் மூன்றரை ஆண்டு. இங்கும் மடக்கையை விட்டால் வேறு வழி இல்லை.

என் வேண்டுகோள் இது. பிளஸ் ஒன்னில் மடக்கை முடிக்கிற வாரத்தில் இரண்டு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். முதல் பாடவேளையில் 115 மாதம் எப்படி வந்தது என்று போட வையுங்கள், பிறகு ரெண்டு லட்சம் அஞ்சு லட்சமாகும் கணக்கு, விடையை முழு ஆண்டாக்குவது, திரும்ப ஏற்றிச் சரிபார்ப்பது. இரண்டாவதில் ஓடும் குறியும் மூணு வட்டியும். கணிதப் பிரிவு, வணிகப் பிரிவு இரண்டுக்கும் நடத்துங்கள். கணிதமே இல்லாத பிரிவுப் பிள்ளைகளையும் அந்த இரண்டு மணிக்கு மட்டும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், கால்குலேட்டரில் பொத்தான் இருக்கிறது, விதிகளின் நிரூபணம் அவர்களுக்குத் தேவையில்லை. தயவுசெய்து பிள்ளைகளை வீட்டிலிருந்து பாஸ்புக்கோ நோட்டோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டுக் கடன் வகுப்பில் தெரியவந்தால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. எண்களை நீங்களே கொடுங்கள், வீட்டு எண்ணை அவர்கள் வீட்டில் போட்டுக்கொள்வார்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடக்கும் நாளில், கூட்டம் முடிந்ததும் இரண்டு மாணவர்களை ஒரு மேசையில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. வருகிறவர் மூன்றே எண் சொல்லட்டும்: கையில் எவ்வளவு, எவ்வளவு ஆக வேண்டும், என்ன வட்டி. பெயர் கேட்க வேண்டாம். விடையை ஒரு துண்டுச் சீட்டில் ஆண்டு, மாதமாக எழுதிக் கொடுக்கட்டும், வட்டி எத்தனை மாதத்துக்கொருமுறை சேரும் என்ற கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டுவிட்டு.

முதல் போகத்துக்கு அணையில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும் காலமும் அதுதான். ஆகவே இந்த இரண்டு பாடவேளையும் பாட வரிசைப்படி பிறகு வந்தாலும், ஜூனிலேயே முன்னால் இழுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். கே.வி.பி., தொடர் வைப்பு, காலவைப்பு மூன்றின் வெற்றுப் படிவங்களும், நடப்புக் காலாண்டின் வட்டி வீதமும் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அருகில் உள்ள அஞ்சலகத்தில் கேளுங்கள், தருவார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பள்ளிகளுக்கு நானே கொண்டு வந்து தருகிறேன், திங்கட்கிழமை தவிர.

இப்படிக்கு,
உங்கள் பள்ளத்தாக்கின் ஒரு சிறுசேமிப்பு முகவர்